ஒரு லட்டுக்குப் பின்னால் இருக்கும் டெக்

(தில்லி லோதி ரோட்டில் நிகழ்ந்த அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

ஜவாஹர்லால் நேரு ஸ்டேடியம் பக்கம் லோதி ரோட்டில் நடந்தால் சிஜிஓ காம்ப்ளெக்ஸ், ஸ்கோப் காம்ப்ளெக்ஸ், கொஞ்ச தூரம் தள்ளி இந்தியா ஹாபிடட் சென்டர் என்று வரும். பக்கத்து லோதி எஸ்டேட்டில் உலக வங்கியும் யுனிசெஃபும் இருக்கின்றன. அமைச்சகங்களுக்கும் பொதுத்துறை நிறுவனங்களுக்கும் கடன் தரும் அமைப்புகளுக்கும் ஆலோசகர்கள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வரும் சாலை இது. அவர்கள் கொண்டுவரும் பொருளுக்கு 'டெக்' என்று பெயர். முப்பது நாற்பது ஸ்லைடுகளில் நிலைமையைச் சொல்லி, அலசி, இன்னதைச் செய்யுங்கள் என்று முடிக்கும் கோப்பு அது.

அந்தக் கோப்பை எப்படிக் கட்டுவது என்பதே இந்த உரையின் பொருள். அதற்கு எடுத்துக்கொண்டிருக்கும் உதாரணம் தமிழ்நாட்டுடையது. பவர்பாயிண்ட் பிறப்பதற்கு முன்பு நடந்தது. ஆனால் நிலைமை, ஆய்வு, பரிந்துரை, சான்று என்ற நான்கும் ஒன்றோடொன்று இவ்வளவு இறுக்கமாகப் பிணைந்த இன்னொரு கதை கிடைப்பது அரிது.

1970களின் தொடக்கத்தில் அமெரிக்க அரசின் யுஎஸ்எய்டு நிதியில் சிட்னி எம். கேன்டர் அசோசியேட்ஸ் என்ற ஆலோசனை நிறுவனம் தமிழ்நாட்டின் ஊட்டச்சத்து நிலையை ஆராய்ந்தது. 1973இல் அறிக்கை பல தொகுதிகளாக வந்தது. அதை ஒட்டி நடந்த பரிசீலனைகள் உலக வங்கியின் கடனுதவியுடன் 1980இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில் போய் முடிந்தன. ஆங்கிலச் சுருக்கத்தில் அதை 'டின்ப்' என்பார்கள். ஆறு மாத வயது முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதாமாதம் எடை போட்டு, எடை ஏறாதவர்களைத் தேர்ந்தெடுத்துக் குறிப்பிட்ட காலத்துக்குச் சத்து லட்டு கொடுத்த திட்டம் அது. அந்தப் பழைய பொருளை இன்று ஒரு கேஸ் ஸ்டடி டெக்காகக் கட்டினால் எப்படியிருக்கும் என்று பார்க்கலாம்.

முதலில் நிலைமை. இந்தப் பகுதியில்தான் பெரும்பாலான டெக்குகள் ஊதிப்போகின்றன. மாநிலத்தின் பரப்பளவு, மக்கள்தொகை, மாவட்டங்களின் பட்டியல், துறையின் அமைப்பு வரைபடம் என்று பத்து ஸ்லைடு ஓடிவிடும். எதிரே உட்கார்ந்திருக்கும் செயலாளருக்கு இவை எல்லாமே தெரியும். நிலைமைப் பகுதியில் வர வேண்டியது இரண்டே இரண்டு: கேட்பவர் மறுக்காமல் ஒப்புக்கொள்ளும் உண்மை ஒன்று, அதோடு மோதும் உண்மை ஒன்று. தமிழ்நாட்டுக் கதையில் அவை இப்படி அமைந்தன. மாநிலத்தில் அப்போது ஏறத்தாழ 25 ஊட்டச்சத்துத் திட்டங்கள் இருந்தன. பெரும்பாலானவை உணவு வழங்கும் திட்டங்கள். இதை யாரும் மறுக்க மாட்டார்கள். அப்படியிருந்தும் சின்னக் குழந்தைகளின் ஊட்டச்சத்துக் குறைவில் அவற்றால் ஏற்பட்ட மாற்றம் சொற்பம். இது மோதும் உண்மை. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தவுடனே கேள்வி தானாக எழுகிறது: இவ்வளவு உணவு போகிறதே, அது எங்கே போகிறது?

1963இல் மெக்கின்ஸி நிறுவனத்தில் சேர்ந்த பார்பரா மின்டோ, ஆலோசகர்களின் எழுத்துக்கு வகுத்துக் கொடுத்த முறை இதுதான்: நிலைமை, அதில் விழுந்த சிக்கல், அதிலிருந்து எழும் கேள்வி, விடை. இன்றைக்கும் ஆலோசனை நிறுவனங்களில் புதிதாகச் சேருபவர்கள் இதைத்தான் கற்கிறார்கள். ஆனால் முறையைக் கற்பவர்கள் பலரும் கேள்வியைக் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். "ஊட்டச்சத்தை மேம்படுத்துவது எப்படி?" என்று ஒரு ஸ்லைடில் கேள்வி இருந்தால், அதற்கு எந்த விடையும் பொருந்தும். அதனால் அது கேள்வியே இல்லை. "கொடுக்கும் உணவு, அது மிகவும் தேவைப்படும் குழந்தையின் எடையாக ஏன் மாறவில்லை?" என்பது கேள்வி. இதற்கு விடை தேட ஓர் இடம் இருக்கிறது, அளக்க ஒரு பொருள் இருக்கிறது, தப்பாகப் போகவும் வழி இருக்கிறது.

அடுத்தது ஆய்வு. கேள்வியைக் கிளைகளாகப் பிரிக்க வேண்டும். உணவு குழந்தையின் எடையாக மாறாததற்குக் காரணங்களை இப்படி வகுக்கலாம்: உணவு தேவைப்படும் குழந்தைக்குப் போகாமல் வேறு குழந்தைக்குப் போயிருக்கலாம், சரியான குழந்தையின் பெயரில் வந்தாலும் அதன் வாய்க்குப் போகாமல் வீட்டில் பங்கிடப்பட்டிருக்கலாம், வாய்க்குப் போனாலும் வயிற்றுப்போக்கும் புழுவும் காய்ச்சலும் அதை உடம்பில் ஒட்டவிடாமல் செய்திருக்கலாம், அல்லது தாய்ப்பாலோடு திட உணவை எப்போது, எவ்வளவு சேர்க்க வேண்டும் என்பதில் வீட்டுப் பழக்கம் குறுக்கே நின்றிருக்கலாம். உணவின் அளவே போதாமல் இருந்திருக்கலாம் என்பதையும் ஒரு கிளையாக விட்டுவைக்க வேண்டும். ஆலோசகருக்கு அந்தக் கிளை பிடிக்காவிட்டாலும் அது மரத்தில் இருந்தே ஆக வேண்டும்.

ஒவ்வொரு கிளைக்கும் பக்கத்தில், எந்தத் தகவல் வந்தால் இந்தக் கிளை விழுந்துவிடும் என்று முன்கூட்டியே எழுதிவைப்பது நல்ல ஆலோசகரின் பழக்கம். மையத்துக்கு வருபவர்களின் வயதுக் கணக்கை எடுத்தால் முதல் கிளை நிற்குமா விழுமா என்று தெரிந்துவிடும். உணவை வீட்டுக்கு எடுத்துப்போகும் மையத்தையும் அங்கேயே சாப்பிடும் மையத்தையும் ஒப்பிட்டால் இரண்டாவது கிளை தெரிந்துவிடும். நோய் வந்த மாதங்களில் எடை எப்படிப் போனது என்று பார்த்தால் மூன்றாவது. இப்படி எழுதிய வெற்று ஸ்லைடுகளின் வரிசையை ஆலோசகர்கள் தகவல் சேகரிக்கும் முன்பே தயாரித்துக்கொள்வார்கள். தலைப்பு இருக்கும், வரைபடத்தின் அச்சுகள் இருக்கும், எண்கள் மட்டும் இருக்காது. களத்துக்குப் போகும் குழு எதை அளந்து வர வேண்டும் என்பது அதிலிருந்துதான் தெரிகிறது. இதில் ஓர் ஆபத்தும் உண்டு. முன்பே எழுதிய தலைப்பின் மேல் ஆசை வந்துவிடும். தகவல் வேறு விதமாக வந்தாலும் தலைப்பை மாற்ற மனம் வராது. எந்தத் தகவல் வந்தால் தலைப்பு விழும் என்ற அந்த ஒற்றை வரி இல்லாவிட்டால் வெற்று ஸ்லைடுகள் தயாரிப்பது கெடுதலான வேலையாகிவிடும்.

தமிழ்நாட்டில் வந்த விடைகள் மூன்று. உணவு, மிக ஆபத்தான வயதுக் குழந்தைகளைக் குறிவைத்துப் போகவில்லை. போன உணவிலும் கணிசமான பகுதி வீட்டில் மற்றவர்களுக்குப் பங்காகிவிட்டது. உணவோடு சேர்ந்து போக வேண்டிய மருத்துவக் கவனிப்பும் தாய்மாருக்கான ஊட்டச்சத்து விளக்கமும் போதிய அளவு போகவில்லை.

இங்கே ஒரு ஸ்லைடைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். வழக்கமான டெக்கில் அதன் தலைப்பு "பயனாளிகளின் வயது வாரிப் பகுப்பு" என்றிருக்கும். கீழே எட்டு வண்ணத்தில் ஒரு வட்ட வரைபடம். பார்ப்பவர் அதிலிருந்து எதைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று எங்கேயும் எழுதியிருக்காது. அதே ஸ்லைடின் தலைப்பு ஒரு முழு வாக்கியமாக இருக்க வேண்டும்: "மிக ஆபத்தான வயதில் இருக்கும் ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகளே உணவு மையங்களுக்கு மிகக் குறைவாக வருகிறார்கள்." இப்படி எழுதிவிட்டால் வட்ட வரைபடம் உதவாது என்பது உடனே தெரிந்துவிடும். ஒவ்வொரு வயதுக்கும் இரண்டு பட்டைகள் தேவை. ஒன்று ஊரில் அந்த வயதில் எத்தனை குழந்தைகள் இருக்கிறார்கள் என்பதற்கு. மற்றது அவர்களில் எத்தனை பேர் மையத்துக்கு வருகிறார்கள் என்பதற்கு. வருபவர்களை மட்டும் காட்டி, வர வேண்டியவர்களைக் காட்டாத வரைபடம்தான் நலத்திட்ட டெக்குகளில் அடிக்கடி தென்படும் குறை. ஸ்லைடின் அடியில் தகவல் எங்கிருந்து வந்தது, எந்த ஆண்டு, எத்தனை பேரிடம் கேட்டது என்ற வரி சின்ன எழுத்தில் இருக்க வேண்டும். எதிர்ப்பு வரும்போது கூட்டத்தில் முதலில் படிக்கப்படுவது அந்த வரிதான்.

டெக் சரியாகக் கட்டப்பட்டிருக்கிறதா என்று பார்க்க இரண்டு சோதனைகள் உண்டு. எல்லா ஸ்லைடுகளின் தலைப்புகளை மட்டும் எடுத்து ஒரு தாளில் வரிசையாக எழுதிப் படித்தால் ஒரு தொடர்ச்சியான வாதம் கிடைக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு ஸ்லைடாக நின்று, கீழே இருக்கும் வரைபடம் மேலே இருக்கும் வாக்கியத்தை நிரூபிக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டாவது சோதனையில் தோற்கும் டெக்குகள்தான் அதிகம்.

இனி பரிந்துரை. டின்ப் திட்டத்தின் வடிவத்தை ஆய்வின் மூன்று விடைகளோடு ஒட்டிவைத்துப் பார்த்தால், ஒவ்வோர் அம்சத்துக்கும் பின்னால் ஒரு விடை நிற்பது தெரியும். உணவு குறிவைத்துப் போகவில்லை என்ற விடையிலிருந்து மாதாந்தர எடை வந்தது. ஏறத்தாழ 1,500 பேர் வாழும் பகுதிக்கு ஒரு சமூக ஊட்டச்சத்துப் பணியாளர். அவர் கையில் தராசும் வளர்ச்சி அட்டையும். எடை ஏற வேண்டிய அளவு ஏறாத குழந்தை உணவுக்குத் தேர்வாகும். 90 நாள் கழித்துப் போதிய எடை கூடியிருந்தால் வெளியே வரும். கூடாவிட்டால் தொடரும், மருத்துவக் கவனிப்புக்கும் அனுப்பப்படும். வீட்டில் பங்காகிறது என்ற விடையிலிருந்து லட்டு வந்தது. சாப்பாட்டுப் பொட்டலமாகக் கொடுத்தால் அது வீட்டுக்குப் போகும், அங்கே ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு மாற்றாகிவிடும். கையில் அடங்கும் லட்டாகக் கொடுத்து, மையத்திலேயே சாப்பிடவைத்தால் அது குழந்தையின் வயிற்றுக்குள் போகும், வீட்டுச் சாப்பாடும் குறையாது. மூன்றாவது விடையிலிருந்து சுகாதாரப் பணியாளர்களின் பங்கும் தாய்மாருக்கான விளக்க வேலையும் வந்தன.

பரிந்துரை ஸ்லைடு எழுதுபவர்கள் இந்தப் பிணைப்பை ஒரே பக்கத்தில் காட்டினால் போதும். இடப்பக்கம் கண்டறிந்தது, வலப்பக்கம் அதனால் செய்யப்போவது. இடப்பக்கத்தில் ஆதாரம் இல்லாத அம்சம் ஏதாவது வலப்பக்கத்தில் நின்றால், அது எங்கிருந்தோ ஒட்டிக்கொண்டு வந்தது என்று பொருள். பெரும்பாலும் அந்த நிறுவனம் வேறொரு மாநிலத்துக்குச் செய்த டெக்கிலிருந்து வந்திருக்கும்.

அதன் பிறகு மாற்று வழிகளின் ஸ்லைடு. எல்லாக் குழந்தைகளுக்கும் கொடுப்பது, எடை பார்த்துக் கொடுப்பது, இப்போதிருப்பதை அப்படியே விடுவது என்ற மூன்றையும் ஒரே அளவுகோலில் நிறுத்த வேண்டும். இதற்குப் பெரிய எக்ஸெல் மாடல் தேவையில்லை; கூட்டத்தில் இருப்பவர் மனக்கணக்காகச் சரிபார்க்கும்படி இருந்தால்தான் நம்பிக்கை வரும். 1,500 பேர் உள்ள ஊரை எடுத்துக்கொள்ளலாம். ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு 30 பிறப்பு என்று வைத்தால் 45 குழந்தைகள். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரை என்பது இரண்டரை ஆண்டு; இறப்பையும் கழித்தால் சுமார் 100 குழந்தைகள். எல்லாருக்கும் ஆண்டில் 300 நாள் கொடுத்தால் 30,000 லட்டு. எடை பார்த்துக் கொடுக்கும்போது ஒரு நேரத்தில் ஏறத்தாழ கால் பங்குக் குழந்தைகளே உணவில் இருப்பார்கள் என்றால் 7,500 லட்டு. மிச்சமாகும் 22,500 லட்டுக்கு எதிரே வைக்க வேண்டியது ஆண்டுக்கு 1,200 தடவை எடை போடும் உழைப்பு. கால் பங்கு என்ற அனுமானம் தப்பி, பத்தில் நான்கு பேராக உயர்ந்தாலும் 12,000 லட்டுதான். அப்போதும் முடிவு மாறாது. எந்த அனுமானம் எவ்வளவு தப்பினாலும் பரிந்துரை கவிழாது என்று சொல்லும் இந்த ஒரு வரி, பத்துப் பக்க நிதிக் கணக்கைவிட உதவியானது.

ஆனால் இந்த ஸ்லைடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: எடை பார்த்துக் கொடுக்கும் முறை யாரை வெளியே விடுகிறது? எடை ஏற்கெனவே ஓரளவு குறைவாக இருந்தும் மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டிருக்கும் குழந்தைக்கு லட்டு கிடைக்காது. பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் கிடைக்கும். அந்தத் தாய்க்கு இதைப் பணியாளர் விளக்கியாக வேண்டும். அளவிலும் சிக்கல் உண்டு. சில நூறு கிராம் வித்தியாசத்தில் தேர்வு நடக்கும்போது, குழந்தை அப்போதுதான் பால் குடித்ததா, சட்டையோடு நிறுத்தினார்களா என்பதே விடையை மாற்றிவிடும். பரிந்துரையின் விலை என்ன என்று ஆலோசகர் தானாகவே சொல்லிவிட்டால், கூட்டம் அதைக் கணக்கில் வைத்து முடிவெடுக்கும். சொல்லாமல் விட்டால் களத்தில் அது கண்டுபிடிக்கப்படும்.

எல்லாருக்கும் கொடுக்கும் வழியைக் கேலிக்குரியதாகக் காட்டவும் கூடாது. 1982 ஜூலை 1ஆம் தேதி திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் அந்த வழியில்தான் போனது. கிராமங்களில் இரண்டு வயதுக் குழந்தையிலிருந்து ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் வரை எடை பார்க்காமல் சோறு போட்டது. எடை போட வேண்டாம், யாரையும் திருப்பி அனுப்ப வேண்டாம், பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள் வருவார்கள். அதன் நோக்கம் வேறு, வயதும் பெரும்பாலும் வேறு. ஒரே மாநிலத்தில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஓடின. மாற்று வழியின் சிறந்த வடிவத்தோடு போட்டியிட்டு நிற்கும் பரிந்துரைதான் ஆட்சி மாறினாலும் நிற்கும்.

இலக்குகள் எப்படி எழுதப்பட்டன என்பதையும் பார்க்க வேண்டும். "ஊட்டச்சத்து விழிப்புணர்வை வலுப்படுத்துதல்" என்ற மாதிரி வரிகளோடு டின்ப் நின்றுவிடவில்லை. குழந்தைகளிடையே வைட்டமின் ஏ குறைபாட்டை 27 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகவும், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மாரிடையே ரத்தசோகையை 55 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகவும் குறைப்பது என்று எழுதினார்கள். அவை துணிச்சலான எண்கள். எட்டாமல் போகக்கூடிய எண்ணை எழுதினால்தான் எட்டவில்லை என்பதும் தெரியவரும். உடனடியாக மாநிலம் முழுக்கவும் போகவில்லை. 1980இல் மதுரை மாவட்டத்தின் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் முன்னோட்டமாகத் தொடங்கி, பிறகு மற்ற மாவட்டங்களுக்கு விரித்தார்கள். டெக்கின் கடைசிப் பகுதியில் 'அடுத்த கட்டம்' என்று வரும் ஸ்லைடு இப்படித்தான் இருக்க வேண்டும்: எந்த ஒன்றியம், எந்த மாதம், யார் பொறுப்பு, எந்த எண்ணைப் பார்த்துவிட்டு விரிப்பது அல்லது நிறுத்துவது.

கேஸ் ஸ்டடி டெக்குக்கு மட்டும் உரிய பகுதி ஒன்று மிச்சமிருக்கிறது. நடந்து முடிந்த கதை என்பதால் விளைவையும் அது காட்ட வேண்டும். சான்று மிகவும் வழுக்கும் இடமும் இதுதான். திட்டப் பகுதிகளில் கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறைந்ததாக உலக வங்கியின் மதிப்பீடுகள் கூறின. மிதமான குறைவில் அந்த அளவு மாற்றம் தெரியவில்லை. இதை வெற்றி என்றோ தோல்வி என்றோ ஒரே ஸ்லைடில் எழுதிவிட முடியாது. கடுமையான நிலையிலிருந்து மீண்ட குழந்தை அடுத்த நாளே நல்ல எடைக்குப் போய்விடாது. அது மிதமான கணக்கில் வந்து சேரும். ஆகவே திட்டம் நன்றாக வேலை செய்தாலும் மிதமான கணக்கு அசையாமல் நிற்கலாம். இரண்டு எண்களையும் தனித்தனி வரைபடமாகப் போடாமல், ஒரே பட்டையின் பகுதிகளாகப் போட்டால்தான் இது கண்ணுக்குத் தெரியும்.

இன்னொரு பொறி, உணவில் சேர்ந்த குழந்தைகளுக்கு 90 நாளில் எவ்வளவு எடை கூடியது என்று காட்டும் வரைபடம். பார்க்க அழகாக இருக்கும். கூட்டத்தில் கைதட்டலும் கிடைக்கும். ஆனால் அந்தக் குழந்தைகள் தேர்வானதே எடை ஏறாத ஒரு மோசமான காலத்தில்தான். ஒரு காய்ச்சலால் தேங்கிய குழந்தை, காய்ச்சல் விட்டதும் லட்டு இல்லாமலேகூட ஓரளவு தேறும். அந்தப் பங்கையும் லட்டின் கணக்கில் எழுதுகிறது இந்த வரைபடம். இதற்கு மாற்று, உணவில் இருந்தவர்களை மட்டும் பார்க்காமல் அந்த வயதுக் குழந்தைகள் எல்லாரையும், திட்டம் வந்த ஒன்றியத்திலும் வராத ஒன்றியத்திலும், முன்பும் பின்பும் அளப்பது. பணியாளர் பதிவேட்டிலிருந்து எடுத்த எண்ணையும் வெளியார் மாதிரி எடுத்து அளந்த எண்ணையும் ஒரே வரைபடத்தில் கலக்கவும் கூடாது.

அதோடு 1982க்குப் பிறகு சத்துணவும் ஓடியதால், குறைந்ததில் எது யாருடைய பங்கு என்ற கேள்வி நிற்கிறது. டெக்கின் விளைவு ஸ்லைடில் இதை மறைக்காமல் பிரித்துக் காட்ட ஒரு வழி இருக்கிறது. சத்துணவு இரண்டு வயதில் தொடங்கியது. டின்ப் ஆறு மாதத்தில். ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரையிலான குழந்தைகளை ஒரு பத்தியிலும், இரண்டு முதல் மூன்று வயது வரையிலானவர்களை அடுத்த பத்தியிலும் போட வேண்டும். முதல் பத்தியில் உள்ளவர்கள் டின்ப் உணவுக்கு மட்டும் உரியவர்கள். இரண்டாம் பத்தியில் உள்ளவர்கள் இரண்டுக்கும் உரியவர்கள். விளைவு ஸ்லைடின் தலைப்பு வாக்கியத்தை முதல் பத்தியின் எண்ணைக் கொண்டு எழுத வேண்டும். இரண்டாம் பத்தியின் எண் அதே வரைபடத்தில் வேறு நிறத்தில், இரண்டு திட்டங்களின் பெயரையும் தாங்கி நிற்க வேண்டும்.